கோனுக்குக் கோன் ஒரு தகதிமி

வடசென்னையில் மைதானம் என்றால் நடுவில் ஃபுட்பால்தான். தண்டையார்பேட்டைப் பக்கம் நாங்கள் மாலையில் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கும் இடத்திலும் அப்படித்தான். எங்களுக்கு மிஞ்சுவது மதிலோரமாக 40 மீட்டர் நீளமும், நாலு பேர் பக்கம் பக்கமாக ஓடும் அளவுக்கு அகலமும். ஹர்டில்ஸ் சட்டம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தடை ஓட்டத்தின் முதல் பாடத்தை இங்கேயே நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடிகிறது, ஏனென்றால் அந்தப் பாடத்துக்குச் சட்டமே தேவையில்லை. அரை அடி உயரக் கோன் ஐந்து, ஓர் அளவு டேப், கொஞ்சம் கோலமாவு, இவை போதும்.

அந்த முதல் பாடம் தாண்டுவது அல்ல, தாளம். ஹர்டில்ஸ் என்றதும் பார்க்கிறவர்கள் கண் சட்டத்துக்கு மேலே போகும். ஓடுகிறவரின் நேரத்தில் பெரும்பகுதி போவதோ சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் தரையில்தான். பெண்களின் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் 10 தடைகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 8.50 மீட்டர். ஆண்களின் 110 மீட்டரிலும் 10 தடைகள்தான், இடைவெளி 9.14 மீட்டர். நன்றாக ஓடுகிறவர்கள் எல்லாருமே அந்த இடைவெளியில் மூன்று எட்டு வைக்கிறார்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் அதே மூன்று.

ஏன் மூன்று? தடையை முதலில் கடக்கும் காலை முன்கால் என்போம், தரையை உதைத்துவிட்டுப் பின்னால் வரும் காலைப் பின்கால் என்போம். தடையைக் கடந்து தரையில் இறங்குவது முன்கால். அதற்கப்புறம் பின்கால் ஒன்று, முன்கால் இரண்டு, பின்கால் மூன்று. மூன்றாவது எட்டில் மறுபடி பின்கால் தரையில் இருக்கிறது, உதைக்கத் தயாராக. நாலு எட்டு வைத்தால் கால் மாறிப்போகும். ஒரு தடையை வலக்கால் முன்னால் வைத்தும் அடுத்ததை இடக்கால் முன்னால் வைத்தும் கடக்க வேண்டிவரும். ஐந்து வைத்தால் கால் மாறாது, ஆனால் எட்டுகள் குட்டையாகி வேகம் போய்விடும். அதனால்தான் மூன்று.

இதை ஒன்பது பத்து வயதுப் பிள்ளையிடம் வாயால் விளக்கினால் தலையாட்டிவிட்டுப் போய்த் தவறாகவே ஓடும். நான் எண்ணச் சொல்வதையும் விட்டுவிட்டேன். "ஒண்ணு ரெண்டு மூணு" என்று எண்ணுகிற பிள்ளைக்கு இறங்கும் காலை ஒன்று என்பதா, அதற்கு அடுத்ததை ஒன்று என்பதா என்று குழப்பம் வரும். தரையைத் தொடும் முறைகளை மட்டும் பார்த்தால் இறங்குவது ஒன்று, அப்புறம் மூன்று, ஆக மொத்தம் நாலு. நாலு தட்டு என்றால் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. தெருவில் சட்டிமேளம் போகும்போது காலால் தட்டிக்கொண்டே பின்னால் போகிற பிள்ளைகள் அவர்கள். தகதிமி என்றால் போதும். இறங்கும் முன்கால் 'த', பின்கால் 'க', முன்கால் 'தி', உதைக்கும் பின்கால் 'மி'. கோனுக்கு மேலே போகும்போது மட்டும் இம்மி இடைவெளி, உடனே அடுத்த 'த'. அந்தத் 'த'வை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். முதல் நாள் ஓட்டமே கிடையாது. உட்கார வைத்து, தொடையில் கைதட்டி, தகதிமி தகதிமி என்று ஐந்து சுற்று. அப்புறம் நின்ற இடத்திலேயே காலால். அப்புறம்தான் கோன்.

கோன் ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கவேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். உண்மையான ஹர்டில்ஸ் எப்போது வரும் என்று அவர்களுக்கு அவசரம். உயரம் வந்த உடனே பிள்ளை மேல்நோக்கி எம்பும். எம்பினால் இறங்கும்போது உடம்பு பின்னால் சாய்ந்து கால் தரையைக் குத்தி நிற்கும். நின்றபின் 'க' தாமதமாகும், எட்டு குறுகும், அடுத்த கோனை மூன்றில் எட்ட முடியாது. பயமும் சேர்ந்துகொண்டால் கோனுக்கு முன்னாலேயே கால் தடுமாறும். அரை அடிக் கோன் ஓட்டத்தை ஏறக்குறைய மாற்றுவதே இல்லை. சற்று நீளமான ஓர் எட்டு, அவ்வளவுதான். மிதித்தாலும் கோன் வளைந்து கொடுக்கும். செங்கல்லை வைத்துப் பழகும் பிள்ளைகளை அக்கம்பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அதை ஒருபோதும் செய்யவேண்டாம், கணுக்கால் போய்விடும்.

இனி இடைவெளி. பெரியவர்களின் பந்தயத்தில் இடைவெளி மாறாது. ஓடுகிறவர்தான் அதற்குப் பொருந்தவேண்டும். பிள்ளைகளிடம் இதைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் இடைவெளி பிள்ளைக்குப் பொருந்தவேண்டும், தாளம் காலில் உட்கார்ந்தபின் இடைவெளியை மெல்ல மாற்றவேண்டும். இது எனக்கு முதல் வருஷம் தெரியவில்லை. டேப்பைப் பிடித்து எல்லாருக்கும் 6 மீட்டர் என்று கோன் வைத்தேன். உயரமான பையன் ஒருவன் கோனுக்கு ரொம்பக் கிட்டே போய் எம்பி எம்பிக் கடந்தான். குட்டையாக இருந்த பெண் ஒருத்தி இரண்டாவது கோனிலேயே நின்றுவிட்டு, "சார், எனக்கு மூணு போதல சார், நாலு வருது" என்றாள். அவள் சொன்னது சரி. அவளுடைய எட்டுக்கு அந்த 6 மீட்டரில் நாலுதான் வரும். தவறு என் டேப்பில் இருந்தது, அவள் காலில் இல்லை.

இப்போது கோன் வைப்பதற்கு முன்னால் பிள்ளையை அளக்கிறேன். மைதானத்தில் ஒரு 7 மீட்டர் நீளத்துக்குத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டால் மண் சீராகும், கால்தடம் பளிச்சென்று விழும். அதற்கு 15 மீட்டர் பின்னாலிருந்து பிள்ளையை நன்றாக ஓடிவரச் சொல்லி, பெருக்கிய இடத்தைத் தாண்டிப் போகச் சொல்லவேண்டும். தடம் விழும் இடத்தில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, பிள்ளை வேகத்தைக் குறைத்துவிடும். பிறகு ஒரு தடத்தின் நுனியிலிருந்து நாலு எட்டு தள்ளி விழுந்த தடத்தின் நுனி வரை டேப்பைப் பிடித்தால் ஒரு நீளம் கிடைக்கும். மூன்று முறை ஓடவிட்டு நடுவில் உள்ள அளவை எடுத்துக்கொள்வேன். அந்த நாலு எட்டின் நீளம்தான் இந்தப் பிள்ளைக்கு இயல்பான கோன் இடைவெளி.

நாலு எட்டும் மூன்று எட்டும் எப்படிப் பொருந்தும் என்று தோன்றலாம். கோனுக்குக் கோன் உள்ள தூரத்தில் தரையில் வைக்கும் மூன்று எட்டோடு, கோனுக்கு மேலே போகும் ஓர் எட்டும் இருக்கிறது. மேலே போவது சாதாரண எட்டைவிட நீளம். இறங்கியவுடன் வைக்கும் முதல் எட்டு குட்டை. இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுவதால் மொத்தம் நாலு எட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. பெரியவர்களின் கணக்கும் இதேதான்; 8.50 மீட்டரை நாலால் வகுத்தால் 2 மீட்டரைச் சற்றே தாண்டும், வேகமாக ஓடும் ஒரு பெண்ணின் எட்டுக்கு அது ஒத்துவரும்.

ஒரு பிள்ளையின் கணக்கை முழுதாகச் சொல்கிறேன். அவளுக்குப் பதினொரு வயது. மீன்வாடை தீராத தெருவிலிருந்து தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவாள். நாலு எட்டு அளந்ததில் 5.50 மீட்டர் வந்தது. அந்த அளவிலேயே நான் தொடங்கவில்லை. கோன் இல்லாமல் ஓடிய ஓட்டம் அது, கோனைக் கண்டதும் கொஞ்சமாவது தயக்கம் வரும். அதனால் ஒரு சாண் குறைத்தேன். என் கையில் ஒரு சாண் 22 சென்டிமீட்டர், ஆக 5.28 மீட்டர். இடைவெளியை மாற்றும்போதெல்லாம் எனக்குச் சாண்தான் கணக்கு. ஒரு சாண் நாலு எட்டுக்குப் பிரிந்தால் எட்டுக்கு ஐந்தரை சென்டிமீட்டர்தான் கூடும் அல்லது குறையும். அந்த அளவை உடம்பு சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஒரேயடியாக அரை மீட்டர் கூட்டினால் பிள்ளை யோசிக்கத் தொடங்கும், யோசித்தால் தாளம் போகும்.

முதல் கோன், கிளம்பும் கோட்டிலிருந்து 10 மீட்டரில். அங்கிருந்து ஐந்து கோன், கடைசியில் ஓடி நிற்க 8 மீட்டர். எங்கள் 40 மீட்டரில் கச்சிதமாக அடங்கிவிடுகிறது. முதல் கோனைத் தவறான கால் முன்னால் வந்து கடந்தாளானால் கோனை நகர்த்தத் தேவையில்லை. கிளம்பும்போது கோட்டில் வைத்த காலை மாற்றிவைத்தால் சரியாகிவிடும். இந்தச் சின்ன விஷயத்துக்காகப் பிள்ளைகளை மணிக்கணக்கில் திட்டுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

இன்னொன்று, காற்று. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை எல்லாம் கடலோரம். மாலையில் கிழக்கிலிருந்து கடற்காற்று அடிக்கும். அதை எதிர்த்து ஓடினால் எட்டு குறையும், முதுகில் வாங்கினால் நீளும். அளந்ததும் பழகுவதும் ஒரே திசையில் இருக்கவேண்டும், இல்லையென்றால் அளந்த அளவுக்குப் பொருளில்லை. புதிதாக வருகிறவர்களை மேற்கு நோக்கியே ஓடவைக்கிறேன். ஐப்பசி மழைக்கு அப்புறம் மண் இளகிக் கிடக்கும் நாட்களிலும் எட்டு குறையும். அன்று ஒரு சாண் உள்ளே தள்ளி வைப்பேன்.

சரி, 5.28 மீட்டரில் அந்தப் பெண் எப்படி ஓடினாள்? முதல் இரண்டு நாள் கோன்களுக்கு நடுவில் நான் கைதட்டினேன், அவள் வாயால் தகதிமி சொன்னாள். மூன்றாம் நாள் கைதட்டலை நிறுத்தினேன். ஆறு ஓட்டத்தில் ஐந்து ஓட்டம் எல்லாக் கோனையும் அதே காலால், அதே சத்தத்தோடு கடந்தால்தான் அடுத்த அளவு என்பது நான் வைத்திருக்கும் வரம்பு. இரண்டாம் வாரம் 5.50 மீட்டருக்கு வந்தோம். கோனுக்கு முன்னாலும் பின்னாலும் கோலமாவைத் தூவி வைத்ததால் கால் விழுந்த இடம் தெரிந்தது. கோனுக்கு 1.05 மீட்டர் முன்னால் உதைத்தாள், 0.70 மீட்டர் தாண்டி இறங்கினாள். தடை தாண்டுவதில் விரும்பத்தக்க பங்கீடு இதுதான். கடக்கும் தூரத்தில் பாதிக்கு மேல் தடைக்கு முன்னால், மீதி பின்னால். பாக்கி 3.75 மீட்டரில் அவளுடைய மூன்று எட்டும் 1.15, 1.35, 1.25.

இந்த மூன்று எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். முதல் எட்டு குட்டை, இரண்டாவது நீளம், மூன்றாவது மறுபடி சற்றுக் குட்டை. மூன்றாவது ஏன் குறையவேண்டும் என்றால், உதைக்கும் கால் இடுப்புக்கு ரொம்ப முன்னால் போய் விழக் கூடாது. முன்னால் நீட்டி வைத்த கால் பிரேக் மாதிரி வேலை செய்யும். உடம்பு அதன் மேல் ஏறிவருவதற்குள் வேகம் குறைந்து, போகவேண்டியது முன்னால் போகாமல் மேலே போகும். குட்டையாக, வேகமாக விழுந்த கால் உடம்பை முன்னால் தள்ளிவிடும். தகதிமியில் 'திமி' ஒட்டிக்கொண்டு வருவது இதற்காகத்தான்.

மூன்றாம் வாரம் இன்னொரு சாண் கூட்டி 5.72 மீட்டர் வைத்தேன். கோனெல்லாம் கடந்தாள், கால் மாறவில்லை, பக்கத்தில் நின்ற அம்மாக்கள் கைதட்டினார்கள். ஆனால் சத்தம் சரியில்லை. த, க, தி என்று வந்து, ஒரு கணம் காத்திருந்து 'மி' விழுந்தது. தடத்தை அளந்தபோது 1.15, 1.40, 1.45. மூன்றாவது எட்டு இரண்டாவதைவிட நீண்டிருந்தது. கோனை எட்டவேண்டும் என்று கடைசி எட்டை இழுத்து வைத்திருக்கிறாள். தடத்தில் குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தது இன்னொரு அடையாளம். இடைவெளி அவளைத் தாண்டிப் போய்விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

பிழையைக் கண்ணால் பிடிப்பதைவிடக் காதால் பிடிப்பது சுலபம் என்று நான் நம்புவது இதனால்தான். கண் எப்போதும் கோனுக்கு மேலேயே போகும். மூன்றாவது கோனுக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 'மி' தாமதமானால் இடைவெளி அதிகம். 'திமி' நசுங்கி, கோனுக்கு முன்னால் தபதபவென்று கால் அடித்தால் இடைவெளி குறைவு, பிள்ளை இடமில்லாமல் திணறுகிறது. 'த' மட்டும் ஓங்கி இடித்து, 'க' வருவதற்கு நேரம் பிடித்தால் பிள்ளை எம்பி இறங்குகிறது; இடைவெளியைத் தொடாமல் அரை அடிக் கோனை எடுத்துவிட்டுத் தட்டைக் கோனை வைத்துப் பாருங்கள். ஐந்து தட்டு கேட்டால் ஓர் எட்டு கூடிவிட்டது, அடுத்த கோனில் கால் மாறியிருக்கும்.

அவளுக்கு நான் செய்தது, பின்வாங்கியது. ஆனால் எல்லா இடைவெளியையும் குறைக்கவில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் பிள்ளை முதல் இரண்டு கோன் வரை வேகம் பிடித்துக்கொண்டே இருக்கும்; முதல் இடைவெளியில் இருக்கும் எட்டைவிட மூன்றாவது இடைவெளியில் இருக்கும் எட்டு நீளம். ஆகவே முதல் இடைவெளி 5.28, இரண்டாவது 5.50, மூன்றாவதும் நாலாவதும் 5.72 என்று ஏற்றிக்கொண்டே போய் வைத்தேன். அன்றே சத்தம் சரியானது. இப்படி ஏறுமுகமாக வைத்து ஒரு வாரம் பழகிவிட்டு, முதல் இடைவெளியையும் இரண்டாவதையும் தனித்தனியாகச் சாண் சாணாக நீட்டி, ஐந்தாம் வாரம் எல்லாமே 5.72 ஆகிவிட்டது. பந்தயத்தில் இடைவெளிகள் சமமாகத்தான் இருக்கும் என்பதால் ஏறுமுக வரிசையிலேயே பிள்ளையை விட்டுவிடக் கூடாது, அது ஒரு படிக்கட்டு மட்டும்தான்.

நீட்டிக்கொண்டே போவதுதான் முன்னேற்றம் என்று நினைத்துவிடத் தோன்றும். நானும் அப்படி நினைத்திருந்தேன். ஆனால் இடைவெளி நிலையாக இருக்கும் ஒரு பந்தயத்தில், வேகம் கூடக்கூட இடம் போதாமல் போகும்; வேகமான ஓட்டக்காரர் எட்டை நீட்டுவதில்லை, காலைச் சீக்கிரம் வைக்கிறார். 2023-இல் பாங்காக்கில் ஆசியச் சாம்பியன் ஆன ஜோதி யர்ராஜி போன்றவர்கள் ஓர் இடைவெளியைச் சுமார் ஒரு நொடியில் முடிக்கிறார்கள். அந்த ஒரு நொடியில் நாலு தட்டு. அதனால் நீட்டியபின் மறுபடி குறைத்து வைப்பதுதான் என் கணக்கில் முக்கியமான பாடம். 5.72 மீட்டரில் சுகமாக ஓடும் அந்தப் பெண்ணுக்கு ஆறாம் வாரம் மறுபடி 5.50 மீட்டர் வைத்தேன். "சார், ரொம்பக் கிட்டக் கிட்ட வருது சார்" என்றாள். "கிட்டத்தான் வரும்மா, நீ தகதிமியைச் சீக்கிரம் சொல்லு" என்றேன்.

மாற்றம் நடந்ததா என்பதற்கு போன் கேமரா போதும். ஒரு நொடிக்கு 30 படம் எடுக்கும் சாதாரண வீடியோவில், இரண்டாவது கோனைக் கடந்து இறங்கும் படத்திலிருந்து மூன்றாவதைக் கடந்து இறங்கும் படம் வரை எண்ணினால் ஓர் இடைவெளிக்கு ஆன நேரம் வந்துவிடும். இரண்டாம் வாரம் 5.50 மீட்டரில் அவளுக்கு 36 படம், அதாவது 1.20 நொடி. ஆறாம் வாரம் அதே 5.50 மீட்டரில் 34 படம், 1.13 நொடி. அதே தூரம், அதே மூன்று எட்டு, தாளம் மட்டும் வேகமாகியிருக்கிறது. ஒரு படம் முன்னே பின்னே எண்ணிவிடுவது இயல்பு, ஆகையால் ஒரே ஓட்டத்தை நம்பாமல் மூன்று ஓட்டத்தை எண்ணிப் பார்த்தேன்.

பக்கம் பக்கமாக ஓடும் நாலு ஓட்டத் தடத்திலும் நாலு விதமான இடைவெளியில் கோன் வைப்பது கூட்டம் அதிகமான நாட்களில் உதவும். மதிலை ஒட்டிய தடத்தில் 5.00 மீட்டர், அடுத்தடுத்து ஒரு சாண் கூடுதல். எந்தத் தடத்தில் தகதிமி தானாக வருகிறதோ அங்கே நில் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளே மாறிக்கொள்கிறார்கள். உயரமான தடம், குட்டையான தடம் என்று பேர் வைத்தால் குட்டைத் தடத்தில் நிற்க வெட்கப்படுவார்கள். அதனால் கோனின் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

உயரம் எப்போது? சமமான இடைவெளியில், கைதட்டல் இல்லாமல், நீட்டினாலும் குறைத்தாலும் சத்தம் கெடாதபோது. அப்போதும் உயரத்தையும் இடைவெளியையும் ஒரே நாளில் தொடக் கூடாது என்று சொல்வார்கள். அதில் ஒரு விலக்கு மட்டும் வைத்திருக்கிறேன்: கோன்களின் மேல் லேசான பிளாஸ்டிக் குழாயைக் கிடத்திக் கொஞ்சம் உயரமாக்கும் முதல் நாள், இடைவெளியை ஒரு சாண் உள்ளே தள்ளுவேன். குழாயைப் பார்த்ததும் எப்படியும் வேகம் குறையும், அந்த ஒரு சாண் அதற்கான ஈடு. குழாயைக் கட்டக் கூடாது. கால் பட்டால் ஓடும் திசையிலேயே விழுந்துவிட வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு ஏழாம் வாரம் குழாய் வைத்தோம், 5.28 மீட்டரில், அதாவது அவள் தொடங்கிய அதே அளவில். முதல் ஓட்டத்தில் இரண்டாவது குழாயைத் தட்டிவிட்டாள். நிற்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். குழாய் உருளும் சத்தத்துக்கு நடுவிலும் மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது கோனுக்கு நாலு நாலு தட்டாகக் கால் விழுந்துகொண்டே போனது.